அமுக்கு கையில் மூணு சீட்டு

பேசாதவர்களைப் பேச வைப்பதுதான் என் பிழைப்பு. சீட்டுக்கட்டு போடுகிறேன். காசு வைத்து ஆடுகிற சீட்டு இல்லை, பதறாதீர்கள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு கேள்வி இருக்கும். குடும்பத்துக்கு ஒரு கட்டு, ஆபீசுக்கு ஒரு கட்டு. சுற்றி உட்கார்ந்து, சீட்டை எடுத்து, கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனால், வருஷக்கணக்காக ஒரே மேஜையில் தலை குனிந்து சாப்பிட்டவர்கள்கூட நிமிர்ந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள். கேள்வி எழுதுவதும் ஆட்டத்தை நடத்துவதும் நான். வடிவமைத்து, அச்சுக்குக் கொடுத்து, பெட்டியில் அடுக்குவது என் நாத்தனார். நான் வாய், அவள் கை என்று நான் சொல்வேன். அவளைக் கேட்டால் நான் வாய், அவள் மூளை என்பாள்.

இப்படி ஊர் வாயை எல்லாம் திறந்துவிடுகிற எனக்கு, கூடப் பிறந்தவன் ஒருத்தன் வாய்த்தான் பாருங்கள். வாயே திறக்க மாட்டான். அமுக்குணி என்று சின்ன வயதில் நான்தான் கூப்பிட ஆரம்பித்தேன். அது தேய்ந்து அமுக்கு ஆகி, இப்போது அவன் வேலை செய்கிற இடத்திலும் அதுவே பெயராகிவிட்டது. லிஃப்ட் மெக்கானிக். கெட்டுப்போன லிஃப்டின் சத்தத்தை வைத்தே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவான். கண்டுபிடித்ததை யாரிடமும் சொல்ல மாட்டான், போய் மாற்றிவிட்டு வந்துவிடுவான்.

அவன் கம்பெனியில் புதிதாக ஒரு பெரிய கட்டடத்துக்கு லிஃப்ட் போடும் வேலை வந்தது. அதற்கு ஒரு லீடர் வேண்டும். ரெண்டு பேர் பெயர் அடிபட்டது. ஒன்று என் தம்பி. இன்னொன்று ரேடியோ. ரேடியோவும் மெக்கானிக்தான். ஏன் அந்தப் பெயர் என்று நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் இந்த ரேடியோவை அணைக்க முடியாது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். இந்தச் சேதியை எனக்குச் சொன்னதே அவன்தான். கடைத்தெருவில் என்னை நிற்கவைத்து, என் கையில் இருந்த தயிர் புளித்துப்போகிற வரைக்கும் சொன்னான்.

வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பியைக் கேட்டேன். "ஏண்டா, லீடர் வேலையாமே?"

"ம்."

"உனக்கு வேணுமா வேண்டாமா?"

அவன் தட்டைப் பார்த்தான். அப்புறம், "வேணும்க்கா" என்றான். அமுக்கு வாயிலிருந்து வேணும் என்று ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. பண்டிகைக்குச் சட்டை எடுக்கும்போதுகூட "எதுன்னாலும் சரி" என்பவன். எனக்கு மனசு என்னவோ செய்தது. மனசு என்னவோ செய்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். அவன் சூப்பர்வைசருக்கு உடனே போன் போட்டேன்.

சூப்பர்வைசர் நல்ல மனுஷன். "மேடம், வேலைன்னு வந்தா உங்க தம்பி தங்கம். அதுல ரெண்டாவது பேச்சே கிடையாது. ஆனா லீடர்னா நாலு பேரை நடத்தணும். வாய் வேணும்ல? என் ரூமுக்கு வந்தான்னா, அவன் வந்ததே எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தா நிப்பான். பயந்துடறேன்" என்றார்.

"சார், அவன் பேசுவான். பேச வைக்கிற விதத்துல வைக்கணும். புதன்கிழமை உங்க டீமுக்கு நான் ஒரு ரவுண்டு நடத்தறேன், பார்த்துட்டு முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டேன்.

நாத்தனாரிடம் பெருமையாகச் சொன்னால், அவள் பசை டப்பாவை மூடி வைத்துவிட்டு என்னை முறைத்தாள். "அண்ணி, யார் பேசறா, யார் பேசலைன்னு ஒருத்தர் மார்க் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தா அது ரவுண்டா, பரீட்சையா? பேசறவனுக்கே நாக்கு ஒட்டிக்கும். நீங்கதானே எல்லா ஆபீஸ்லயும் சொல்றீங்க, 'இதை வெச்சு யாரையும் எடை போடாதீங்க'ன்னு?"

"அது ஊருக்கு" என்றேன்.

"உங்களுக்கு?"

"நீ பெட்டியைத் தூக்கிட்டு வா, போதும்."

என் திட்டம் ரொம்பச் சுலபம். எங்கள் கட்டில் மூன்று நிறம் உண்டு. மஞ்சள் என்றால் லேசான கேள்வி, யாரும் யோசிக்காமல் சொல்லலாம். பச்சை என்றால் கொஞ்சம் யோசிக்கணும். நீலம் ஆழம்; ஒருத்தருக்கொருத்தர் பழகின பிறகுதான் அதை எடுக்கணும். மேலே மஞ்சள், நடுவில் பச்சை, அடியில் நீலம் என்று அடுக்கிவைப்போம். நான் என்ன செய்தேன் என்றால், எல்லாவற்றுக்கும் உச்சியில் ஒரு ஸ்பெஷல் சீட்டு எழுதி வைத்தேன். "ஒரு புது வேலையை உங்கள் பொறுப்பில் விட்டால் முதலில் என்ன செய்வீர்கள்?" அதற்கு ஒரு பதிலும் எழுதி, தம்பியை மூன்று நாள் மனப்பாடம் செய்யவைத்தேன். திட்டமிடல், ஒருங்கிணைப்பு, தொலைநோக்கு என்று கண்ணீர் வருகிற மாதிரி எழுதியிருந்தேன். அவன் சொல்லும்போது எனக்கு வேறு மாதிரி கண்ணீர் வந்தது.

புதன்கிழமை போனோம். ஆறாவது மாடி. லிஃப்ட் கம்பெனி ஆயிற்றே, லிஃப்ட் வெண்ணெய் மாதிரி போனது. ஒரு நீள மேஜை, எண்ணெய்க் கறை, சுவரில் சாய்த்து வைத்த ஒரு லிஃப்ட் கதவு. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் இவ்வளவுதான்: என் தம்பி, ரேடியோ, எப்போதும் ஜோடியாக வேலைக்குப் போகிற ரெண்டு மெக்கானிக்குகள், ஸ்டோர் அக்கா. அந்த ஜோடியில் ஒருத்தர் "ம்" என்பார், இன்னொருத்தர் "ம்ம்" என்பார். அந்த ஒரு எழுத்து வித்தியாசத்தை வைத்துத்தான் ஆளை அடையாளம் தெரியும். ஸ்டோர் அக்கா உதிரி பாகங்களைப் பார்த்துக்கொள்கிறவர். நாங்கள் போகும்போதுதான் அவரும் மூச்சிரைக்க உள்ளே வந்தார். சூப்பர்வைசர் மேஜையின் தலைமாட்டில், பேனாவும் பேப்பருமாக.

சீட்டுக்கட்டை நடுவில் வைத்துவிட்டு, சூப்பர்வைசருக்கு வணக்கம் சொல்லத் திரும்பினேன். அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால், 'ம்' கட்டைக் கையில் எடுத்துச் சரசரவென்று கலைக்கிறார். 'ம்ம்' வெட்டி வைக்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாருக்கும் சீட்டைப் பிரித்துக் கை போட்டாகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் இதே மேஜையில் இவர்கள் தினமும் சீட்டாடுகிறவர்களாம். மேஜையில் கட்டு இருந்தால் கை தானாகப் போகிறது. நிறம் நிறமாக அடுக்கியது, உச்சியில் வைத்த ஸ்பெஷல் சீட்டு, எல்லாம் கலைந்து கந்தலாகிவிட்டது.

"ஐயையோ, இது அந்தச் சீட்டு இல்லைங்க" என்று பிடுங்கினேன்.

ரேடியோ தன் சீட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "அக்கா, எனக்கு நல்ல கை வந்திருக்கு. ரெண்டு மஞ்சள் ஜோடி."

"ஜோடியும் இல்லை, மண்ணும் இல்லை. கொடு."

எல்லாவற்றையும் வாங்கி மறுபடி நடுவில் வைத்தேன். அடுக்க நேரம் இல்லை, சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி, வருவது வரட்டும் என்று மேல் சீட்டை எடுத்து நேரே என் தம்பியிடம் நீட்டினேன். "அமுக்கு, நீ ஆரம்பி."

எழுதிப் பிழைக்கிறவள் நான். 'கூச்சப்படுகிறவரை முதலில் கூப்பிடாதீர்கள்' என்று பெட்டிக்குள் நானே அச்சடித்து வைத்திருக்கிறேன். வந்த சீட்டு நீலம் வேறு. அவன் மெதுவாக வாசித்தான். "நீங்கள் கடைசியாக அழுதது எப்போது?"

அறை அப்படியே நின்றுவிட்டது. ரேடியோகூட நின்றுவிட்டான். தம்பியின் காது சிவந்தது, கழுத்து சிவந்தது, அதற்குமேல் சிவக்க இடம் இல்லை. யோசிக்கிறவருக்குக் கொஞ்ச நேரம் விட வேண்டும், அதுவும் என் பெட்டியில் இருக்கிறது. ஆனால் மௌனம் வந்தால் எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். "சும்மா சொல்லுடா, அன்னைக்கு வெங்காயம் நறுக்கும்போதுகூட அழுதியே" என்றேன்.

"பாஸ்" என்றான் தம்பி.

பதில் சொல்ல இஷ்டமில்லை என்றால் பாஸ் சொல்லலாம், காரணம் கேட்கக் கூடாது என்பது எங்கள் ஆட்டத்தில் முக்கியமான விதி. 'ம்' உடனே, "அப்ப நானும் பாஸ்" என்றார். 'ம்ம்' தலையை ஆட்டினார், அதுவும் பாஸ். ஸ்டோர் அக்கா "நானும்ங்க" என்றார். ரேடியோ மட்டும், "நான் சொல்றேன்" என்று தன் ஸ்கூட்டர் திருடுபோன கதையை ஆரம்பித்து, அது கிடைத்த கதைக்குப் போய், கிடைத்தபோது கண்ணாடி இல்லாத கதைக்குப் போய், அந்தக் கண்ணாடி விற்கிற கடைக்காரனின் மச்சினன் கல்யாணம் வரைக்கும் போய்விட்டான். சூப்பர்வைசர் பேப்பரில் என்னவோ எழுதினார்.

போகட்டும் என்று ஒரு மஞ்சள் சீட்டைத் தேடிப் பிடித்தேன். "டீயா, காபியா?" கல்லுக்கும் பதில் தெரிந்த கேள்வி.

"டீ" என்றான் தம்பி.

நான் கை தட்டிவிட்டேன். என்னால் அடக்க முடியவில்லை. "பார்த்தீங்களா சார், பேசிட்டான். அமுக்கு பேசிட்டான்."

என் தம்பி என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நத்தை ஓட்டுக்குள் போகிற மாதிரி சட்டைக் காலருக்குள் போய்விட்டான். பேசாதவர் பேசினால் அதை ஒரு அதிசயமாக்கக் கூடாது, எல்லார் பேச்சையும் போல எடுத்துக்கொண்டு அடுத்த ஆளுக்குப் போக வேண்டும். இதையும் நான்தான் எழுதினேன். எழுதுவதற்கு என்ன, யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

அப்போதுதான் என் நாத்தனார் எழுந்தாள். ஒரு நாற்காலியைத் தூக்கி ஜன்னல் ஓரமாகப் போட்டாள். என் தோளைப் பிடித்து அதில் உட்காரவைத்தாள். பையிலிருந்து ஒரு இருமல் மிட்டாயை எடுத்து என் வாயில் போட்டாள். "கடிக்கக் கூடாது, சப்பணும். இது கரையற வரைக்கும் பேசக் கூடாது."

"எனக்கு இருமலே இல்லையே" என்றேன்.

"எங்களுக்கு இருக்கு, உங்களால."

அப்புறம் சூப்பர்வைசரிடம் போனாள். "சார், அந்தப் பேனாவைக் கொஞ்சம் கொடுங்க." அவர் கொடுத்ததும் தன் பையில் போட்டுக்கொண்டாள். "இங்க எழுதறவர் யாரும் கிடையாது. ஆடறவங்க மட்டும்தான். நீங்களும் ஆடணும், இல்லேன்னா வெளியில இருக்கணும்." அந்த மனுஷன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டார்.

கட்டை எடுத்து நீலச் சீட்டுகளை எல்லாம் பிரித்துத் தனியாக வைத்தாள். மீதியை 'ம்'மிடம் நீட்டினாள். "அண்ணே, உங்களுக்கு எப்படிப் பழக்கமோ அப்படியே கை போடுங்க. ஆளுக்கு மூணு. யாருக்கும் காட்ட வேண்டாம். மூணையும் படிச்சுப் பாருங்க. பிடிச்ச ஒண்ணை வெச்சுக்கங்க, மத்ததைக் கவிழ்த்துடுங்க. எதுவும் பிடிக்கலேன்னா கட்டுல இருந்து மாத்திக்கலாம். கொஞ்ச நேரம் யாரும் பேசக் கூடாது, யோசிக்கிறதுக்கு. முதல்ல பக்கத்துல இருக்கிறவருக்கு மட்டும் மெதுவாச் சொல்லுங்க. அப்புறம் யாருக்குத் தயாரா இருக்கோ அவங்க சீட்டை இறக்கிட்டு எல்லாருக்கும் சொல்லலாம். வரிசை எல்லாம் கிடையாது. முதல்ல நான் இறக்கறேன், சின்னதா."

ஒரு சீட்டை இறக்கினாள். "இந்த வாரம் உங்களைச் சிரிக்க வைத்தது எது? எங்க அண்ணி, தம்பிக்குப் பதில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ண வெச்சாங்க. கதவுக்கு வெளியில நின்னு கேட்டேன். சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சது." அவ்வளவுதான் சொன்னாள். உட்கார்ந்துவிட்டாள்.

மிட்டாயைக் கடித்து நொறுக்கியிருப்பேன். பல் நல்லாயில்லை.

என்ன சொல்வது, அறையே மாறிப்போயிற்று. கையில் மூன்று சீட்டு வந்ததும் எல்லார் முதுகும் நிமிர்ந்தது. சீட்டை விசிறியாக விரித்து, மறைத்து, ஒன்றை இடம் மாற்றி, இன்னொன்றைத் தட்டிப் பார்த்து, ஒவ்வொருத்தரும் ஒரு ராஜதந்திரி மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அந்த மௌனத்தில் எனக்குத்தான் எறும்பு ஊர்ந்தது, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சீட்டாடுகிறவனுக்கு யோசிக்கிற மௌனம் வழக்கமானதுதானே. என் தம்பியைப் பார்த்தேன். காலரிலிருந்து தலை வெளியே வந்திருந்தது.

ஜோடி ஜோடியாகக் குசுகுசுவென்று பேசினார்கள். 'ம்'மும் 'ம்ம்'மும் அவர்களுக்குள் என்ன சொல்லிக்கொண்டார்களோ, ரெண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். சூப்பர்வைசர் ரேடியோவிடம் மாட்டிக்கொண்டார். என் தம்பி ஸ்டோர் அக்கா பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

முதலில் 'ம்ம்' இறக்கினார். வேலைக்கு வரும்போது நீங்கள் மட்டும் கவனிக்கும் ஒன்று எது என்று சீட்டு. "தெருமுனையில ஒரு நாய். திங்கக்கிழமை மட்டும் என்னைப் பார்த்துக் குரைக்கும். மத்த நாள் குரைக்காது" என்றார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. ஆனால் யாரும் கை தட்டவில்லை. "திங்கக்கிழமை யூனிஃபார்ம் துவைச்சுப் போட்டிருப்பே, அதுக்கு உன்னை அடையாளம் தெரியலை" என்றார் 'ம்'. சூப்பர்வைசர் மேஜையில் தலை வைத்துச் சிரித்தார். அடுத்து அவரே இறக்கினார். தனியாக லிஃப்டில் போகும்போது, நல்லா ஓடுகிற லிஃப்டாக இருந்தால் அதன் சுவரைத் தட்டி "சபாஷ்டா கண்ணு" என்று சொல்வாராம். எனக்குச் சிரிப்பில் மிட்டாய் தொண்டை வரை போய்த் திரும்பியது.

அப்புறம் ஸ்டோர் அக்கா ஒரு சீட்டை இறக்கினார். பச்சை. "உங்களைப் பற்றி இங்கே எல்லாரும் தப்பாக நினைத்திருக்கும் ஒன்று எது?" வாசித்துவிட்டு, "அது வந்து, எல்லாரும் என்ன நினைக்கிறாங்கன்னா, நான் தினமும்..." என்று ஆரம்பித்தார்.

"நினைக்கிறதுன்னு சொன்னதும் ஞாபகம் வருது" என்றான் ரேடியோ. அவன் ஞாபகம் வந்து போகும்வரை அக்கா வாயை மூடிக்கொண்டார். முடிந்ததும் மறுபடி, "நான் தினமும் வந்து..." என்றார். சூப்பர்வைசர், "சொல்லுங்க, சொல்லுங்க, தைரியமாச் சொல்லுங்க" என்று உற்சாகப்படுத்தியே அந்த வாக்கியத்தையும் சாகடித்தார். மூன்றாவது தடவை அவர் மூச்சை இழுத்தபோது, என் வாயில் மிட்டாய் கரைந்துவிட்டிருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. "அக்கா என்ன சொல்ல வர்றாங்கன்னா" என்று நானே ஆரம்பித்துவிட்டேன். அதே நேரத்தில் ரேடியோவும் ஆரம்பித்தான். சூப்பர்வைசரும் ஆரம்பித்தார். மூன்று பேரும் சேர்ந்து சந்தைக்கடை ஆக்கினோம். அக்கா சிரித்தபடியே தன் சீட்டைக் கவிழ்க்கப் போனார்.

"நிறுத்து."

சத்தமாகக்கூட இல்லை. ஆனால் அந்த மேஜையே உறைந்துபோயிற்று. 'ம்' வாய்க்குக் கொண்டுபோன பிஸ்கெட் பாதி வழியில் நின்றது. 'ம்ம்' காலைச் சொறியக் குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். ரேடியோ வாய் திறந்தபடி, சத்தம் மட்டும் நின்றுபோய் இருந்தான்.

அப்புறம்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. லிஃப்டின் கூரைமேல் நின்று வேலை செய்யும்போது அவர்களுக்கு ஒரு வழக்கம். ஒருத்தர் "மேலே" என்றால், பட்டனில் கை வைத்திருப்பவர் "மேலே" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் அழுத்தணும். ஆனால் "நிறுத்து" என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். யார் சொன்னாலும் அந்த நொடியே எல்லாம் நிற்கணும், ஏன் எதற்கு என்று கேட்கிற பேச்சே இல்லை. அது அவர்கள் எலும்பில் ஊறியிருக்கிறது. சொன்னது என் தம்பி.

"ஸ்டோர் அக்கா பேச்சு பாதியில நிக்குது" என்றான். "அவங்க முடிக்கட்டும். அடுத்துப் பேசறவங்க, அவங்க சொன்னதை முதல்ல திருப்பிச் சொல்லணும். அப்புறம்தான் தன்னோடது."

அக்கா கவிழ்க்கப் போன சீட்டை நிமிர்த்தி வைத்தார். "எல்லாரும் என்ன நினைக்கிறாங்கன்னா, உடம்பைக் குறைக்கிறதுக்காக நான் தினமும் படியில ஏறி வர்றேன்னு. அதெல்லாம் இல்லை. எனக்கு லிஃப்ட்னா பயம். இங்க சேர்ந்ததுல இருந்து ஒரு நாள்கூட ஏறினதில்லை. லிஃப்ட் கம்பெனியில வேலை பார்த்துக்கிட்டு இதை எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவே முதலில் சிரித்துவிட்டார், அப்புறம் கேட்கணுமா.

அடுத்துப் பேச ரேடியோ வாயைத் திறந்தான். தம்பி விரலைத் தூக்கினான். ரேடியோ எச்சில் விழுங்கினான். "ஸ்டோர் அக்காவுக்கு லிஃப்ட்னா பயம். தினமும் படியில வர்றாங்க. நாம தப்பா நினைச்சுட்டோம்." சொல்லி முடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். "எனக்கு என்ன சொல்ல வந்தேன்னு மறந்துபோச்சு" என்றான். அவன் வாழ்க்கையில் அது முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அப்போது என் தம்பி, யாரும் கேட்காமல், தன் சீட்டை இறக்கினான். உங்களுக்கு எது பயம் என்று பச்சைச் சீட்டு. "ஸ்டோர் அக்காவுக்கு லிஃப்ட்னா பயம்" என்று முறைப்படி திருப்பிச் சொன்னான். "எனக்கு லிஃப்டுக்கு மேல நின்னா பயமில்லை. கீழே குழியில இறங்கினாலும் பயமில்லை. ஆளுங்களோட லிஃப்டுக்குள்ள நிக்கிறப்ப, யாராவது பேச்சுக் கொடுத்துடுவாங்களோன்னுதான் பயம். அதனாலதான் எப்பவும் செவுத்தைப் பார்த்து நிக்கிறேன். வேற ஒண்ணுமில்லை. யார் மேலயும் கோபமில்லை."

சூப்பர்வைசர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ என்கிட்ட கோபமா இருக்கேன்னு இத்தனை நாளா நினைச்சிட்டிருந்தேன்யா" என்றார். அப்புறம் எழுந்து நின்றார். "லீடருக்கு வாய் வேணும்னு உங்க அக்காகிட்ட சொன்னேன். வேணும்தான். எவ்வளவு வேணும்னு இப்பத்தான் தெரிஞ்சுது. திங்கக்கிழமையில இருந்து புதுக் கட்டடம் உன் பொறுப்பு."

"திங்கக்கிழமை. புதுக் கட்டடம். என் பொறுப்பு" என்று திருப்பிச் சொன்னான் தம்பி.

நாத்தனார் சூப்பர்வைசரைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள். "சார், இது பரீட்சை இல்லைன்னு அவ்வளவு சொன்னேன்."

ரேடியோவுக்கு வருத்தம் இருக்கும் என்று நினைத்தேன். அவன் அமுக்கு கையைப் பிடித்துக் குலுக்கினான். "நல்லதாப் போச்சு. லீடர்னா தினமும் ரிப்போர்ட் எழுதணுமாம். நான் எழுத ஆரம்பிச்சா நிக்குமா?"

சீட்டுகளைச் சேகரித்தபோது, தம்பி கவிழ்த்து வைத்திருந்த ரெண்டில் ஒன்று என் ஸ்பெஷல் சீட்டு. எத்தனை கலைத்தும் அது அவன் கைக்கே வந்திருக்கிறது. மனப்பாடப் பதிலோடு அதை இறக்கியிருக்கலாம், இறக்கவில்லை. ஏண்டா என்று கேட்டேன்.

"அது உன் பதில்க்கா" என்றான். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது.

கிளம்பும்போது ஸ்டோர் அக்கா வழக்கம்போல் படிப் பக்கம் போனார். 'ம்' ஒன்றும் சொல்லாமல் பின்னால் போனார். 'ம்ம்' போனார். பார்த்தால் மொத்தக் கூட்டமும் படியில். லிஃப்ட்காரர்கள் யாரும் அந்தக் கட்டடத்தின் படியை அதுவரை பார்த்ததே இல்லை. மூட்டு வலிக்கிறது என்று ஒருத்தர், மூணாவது மாடியில் பல்பு எரியவில்லை என்று ஒருத்தர். "அது எரியறதே இல்லைங்க" என்றார் அக்கா, வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவர் மாதிரி.

நானும் தம்பியும் பின்னால் இறங்கினோம். நாத்தனார் ரெண்டாவது மிட்டாய் கொடுத்திருந்தாள். அதைச் சப்பிக்கொண்டே வாயைத் திறக்காமல் வந்தேன். எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. பார், எவ்வளவு நேரம் பேசாமல் வருகிறேன், இதைப் பெட்டிக்குள் ஒரு குறிப்பாகவே போடலாம், என்ன தலைப்புக் கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நடுவில் தம்பி என்னவோ சொன்னான். நான் தலையை ஆட்டினேன்.

"திருப்பிச் சொல்லு" என்றான்.

முழித்தேன். ஒரு வார்த்தை தெரியவில்லை. பேசாமல் இருந்தேனே தவிர, கேட்கவில்லை. அவனுக்குத் தெரிந்துவிட்டது. சிரித்தான். என் தம்பி சிரித்தால் ஒரு பக்கம்தான் சிரிப்பான்.

"திங்கக்கிழமை காலைல எனக்கு வயித்தைக் கலக்கும். வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னால ஒரு போன் பண்ணு. ஆனா பேசாதே. சும்மா லைன்ல இரு."

மிட்டாயைக் கன்னத்துக்குத் தள்ளினேன். "திங்கக்கிழமை. போன் பண்ணணும். பேசக் கூடாது. லைன்ல இருக்கணும்." கடைசி வார்த்தை சரியாக வரவில்லை, மிட்டாய் இடறிவிட்டது. மிட்டாய்தான்.

"சரி" என்று இறங்கினான்.

திங்கக்கிழமை காலையில் போன் போட்டேன். எடுத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் டீ உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. தூரத்தில் ரேடியோ யாருக்கோ நாய்க் கதை சொல்வது கேட்டது. அவன் மூச்சு முதலில் வேகமாக இருந்து, போகப்போக நிதானமாயிற்று. பசை டப்பாவோடு அந்தப் பக்கம் வந்த நாத்தனார், போனைக் காதில் வைத்துக்கொண்டு கம்மென்று உட்கார்ந்திருந்த என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"யாரு அண்ணி?"

போனைக் கையால் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னேன். "தம்பி. பேசிக்கிட்டிருக்கோம்."